பதினைந்து என்று நினைத்தேன், கிடைத்தது பதினொன்று

பொள்ளாச்சியில் ஓர் இயற்கை அங்காடிக்கு முதன்முதலாக நாற்பது சோப்பு கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். இரண்டு வாரம் கழித்துப் பணம் வாங்கப் போனபோது, கடைக்காரர் என் சோப்பு ஒன்றைப் பிரித்து, பருப்பு நிறுக்கும் தராசில் வைத்தார்.

“ஏம்மா, 100 கிராம்னு அச்சடிச்சிருக்கீங்க. இது 94 காட்டுதே?”

பதில் சொல்ல வாய் வரவில்லை. வெட்டும்போது ஒவ்வொன்றையும் நானேதான் நிறுத்திருந்தேன். காயும்போது கொஞ்சம் குறையும் என்று தெரிந்து, ஏழு கிராம் கூடுதலாக 107 என்றே வெட்டியிருந்தேன். அதுவும் போதவில்லை. பொட்டலத்தில் போட்ட எடையைவிடக் குறைவாக விற்பது எடையளவுச் சட்டப்படி என் தலையில்தான் விழும் என்று அவர் பொறுமையாகச் சொல்லி, மீதி இருந்த சோப்புகளைத் திருப்பிக் கொடுத்தார். அன்று இரவு உட்கார்ந்து பழைய கணக்கு நோட்டைப் புரட்டியபோதுதான், எடை மட்டுமல்ல, விலையும் தப்பு என்று தெரிந்தது. இரண்டு தப்புக்கும் வேர் ஒன்றுதான்.

நான் செய்வது சூடாக்காமல் செய்யும் சோப்பு. ஒரு தொகுதிக்கு ஒரு கிலோ எண்ணெய்: தேங்காய் எண்ணெய் 500 கிராம், தவிட்டு எண்ணெய் 400, விளக்கெண்ணெய் 100. இதற்குக் காஸ்டிக் சோடா 150 கிராம், தண்ணீர் 300. கடைசியில் வாசனைக்கு எலுமிச்சைப் புல் எண்ணெய் 30 கிராம். எல்லாம் சேர்ந்து 1480 கிராம் கலவை. நூறு கிராம் சோப்பு என்றால் கிட்டத்தட்ட பதினைந்து வரும், இல்லையா? அப்படித்தான் நானும் எழுதியிருந்தேன். பொருள் செலவைப் பதினைந்தால் வகுத்து, ஒரு சோப்புக்கு 20 ரூபாய். அட்டைப் பெட்டி, ஸ்டிக்கருக்குப் பத்து. ஆக 30. அதை இரட்டிப்பாக்கி 60 ரூபாய் என்று விலை வைத்திருந்தேன். இரட்டிப்பாக்கினால் லாபம் வந்துவிடும் என்று யாரோ சொன்னதை அப்படியே நம்பிவிட்டேன்.

அந்த 20 ரூபாயிலேயே ஓர் ஓட்டை இருந்தது. எண்ணெயை லிட்டரில் வாங்குகிறோம், சோப்புக்குக் கிராமில் நிறுக்கிறோம். ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் ஒரு கிலோ இருக்காது, சுமார் 920 கிராம்தான். அப்போது செக்கில் லிட்டர் 240 ரூபாய். அரை லிட்டர் 120 என்று எழுதியிருந்தேன். 500 கிராமுக்கு உண்மையில் 130 ஆகிறது. தவிட்டு எண்ணெயிலும் இதே கதை. லிட்டர் 150 என்றால் 400 கிராமுக்கு 60 அல்ல, 65. விளக்கெண்ணெய் 23 ரூபாய். எண்ணெய் மட்டும் 218. காஸ்டிக் சோடா 30, காய்ச்சி வடித்த தண்ணீர் 6, எலுமிச்சைப் புல் எண்ணெய் 66. மொத்தம் 320 ரூபாய். முன்பு எழுதியதைவிடப் பதினைந்து, பதினாறு ரூபாய்தான் கூடுதல். ஓட்டை என்றாலும் சின்ன ஓட்டை. பெரிய ஓட்டை வகுக்கும் எண்ணில் இருந்தது.

அதைக் கண்டுபிடிக்க, அடுத்த தொகுதியில் ஒரு சோப்பை ஒதுக்கி, பென்சிலால் எண் எழுதிய துண்டுக் காகிதத்தின் மேல் வைத்தேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதை நிறுத்தேன். வெட்டிய அன்று 115 கிராம். ஒரு வாரத்தில் 108. அப்புறம் 105, 103, 102. ஐந்தாவது வாரம் 101. அதற்குமேல் தராசு முள் பெரிதாக அசையவில்லை. போவதெல்லாம் தண்ணீர்தான். அதில் பாதி முதல் வாரத்திலேயே போய்விடுகிறது. 115-ல் 14 போனது, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு. அதுவும் என் அளவுத் தண்ணீருக்கு, என் வீட்டுக் காற்றுக்கு. சோடாவைக் கரைக்கத் தண்ணீரைக் குறைத்தால் இழப்பும் குறையும். ஆனால் கலவை சீக்கிரம் கெட்டியாகிவிடும். ஐப்பசி மழையில் இதே சோப்பு ஆறு வாரம் ஆகியும் 104-லேயே நின்றது. சோப்பில் இருக்கும் கிளிசரின் ஈரக் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். மேலே முத்து முத்தாக வியர்க்கும். எடை அசையாமல் நிற்பதைப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று பெட்டியில் போட்டால், வெயில் காலத்தில் கடை அலமாரியில் மீதி எடை இறங்கும். கடைக்காரர் தராசில் குறைந்ததில் பாதி அப்படி இறங்கிய எடைதான்.

எனவே காய்ந்தபின் நூறு கிராம் வேண்டுமானால் 115-க்கு வெட்ட வேண்டும். பாத்திரத்திலும் பிளெண்டரிலும் ஒட்டிக்கொள்வது 30 கிராம். நீளப் பெட்டி அச்சில் ஊற்றினால் இரு முனைகளும் மேல்பக்கமும் சீவ வேண்டும், அதில் 60 கிராம். மீதி 1390 கிராமில் பன்னிரண்டு சோப்பு. அந்தப் பன்னிரண்டில் ஒன்று எப்படியும் விற்பனைக்குப் போகாது. மூலை உடையும், அல்லது வெள்ளைப் பொடி பூத்திருக்கும், அல்லது யாராவது “ஒண்ணு முகர்ந்து பாக்கலாமாக்கா?” என்று எடுத்துக்கொள்வார்கள். விற்கக் கிடைப்பது பதினொன்று. 320-ஐப் பதினைந்தால் வகுத்தால் 21 ரூபாய், பதினொன்றால் வகுத்தால் 29. எண்ணெய்க் கடையில் பேரம் பேசி இந்த எட்டு ரூபாயை மிச்சப்படுத்த முடியாது.

அச்சைப் பற்றி நான் தேவைக்கு அதிகமாகவே கவலைப்பட்டிருக்கிறேன். சிலிக்கான் அச்சு 600 ரூபாய் என்றதும் இது கட்டுப்படியாகுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஐம்பது தொகுதி வரை தாங்குகிறது. அதன்பின் பக்கங்கள் வெளியே பிதுங்கி, சோப்பு நடுவில் தொப்பை போடும். கணக்கில் அது சோப்புக்கு ஒரு ரூபாய், அவ்வளவுதான். ரோஜாப்பூ, சிப்பி வடிவ அச்சுகள் வேறு கதை. சீவல் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கழற்றும்போது ஓர் இதழ் பிய்ந்தால் அந்தச் சோப்பு முழுதும் போயிற்று. நான் திரும்ப நீளப் பெட்டிக்கே வந்துவிட்டேன்.

வாசனைதான் ஆளுக்கு ஆள் விலை மாறும் இடம். எலுமிச்சைப் புல் காய்ந்தபின்பும் நிற்கிறது, விலையும் தாங்குகிறது. ஆரஞ்சு எண்ணெய் போட்ட சோப்பு நான்காவது வாரத்தில் வெறும் சோப்பு வாசனைதான் அடித்தது. போட்ட காசு காற்றில் போய்விட்டது. எல்லோரும் கேட்பது வெட்டிவேர். நான் விசாரித்த அன்று அந்த எண்ணெய் கிலோ முப்பதாயிரம் சொன்னார்கள். 30 கிராம் போட்டால் ஒரு தொகுதிக்கு 900 ரூபாய், அதாவது சோப்புக்கு வாசனை மட்டுமே 82. வேரைப் பொடித்துப் போட்டால் நிறம் வரும், தேய்க்க நறநறவென்று இருக்கும், மணம் நிற்காது. மலிவாக இருக்கிறதே என்று ஒருமுறை மல்லிகை வாசனைத் திரவியம் வாங்கினேன். தோசை மாவுப் பதத்தில் இருந்த கலவையில் ஊற்றிக் கிளறினேன். பத்து எண்ணுவதற்குள் உப்புமா மாதிரி இறுகி, கரண்டி அப்படியே நட்டமாக நின்றது. அச்சில் ஊற்ற வழியில்லை. இருபது தொகுதிக்கு ஒன்று இப்படிப் போகும் என்று இப்போது கணக்கிலேயே வைத்துவிட்டேன். இப்படிப் போவது, கையுறை, மின்சாரம் எல்லாம் சேர்த்துச் சோப்புக்கு மூன்று ரூபாய்.

பெட்டியில் இன்னொரு பாடம் படித்தேன். அச்சகத்தில் குறைந்தது ஐநூறு பெட்டி அடித்தால்தான் ஒன்று ஒன்பது ரூபாய்க்கு வரும் என்றார்கள். அளவு கேட்டார்கள். அன்று வெட்டிய சோப்பு ஒன்றை எடுத்து அளந்து கொடுத்தேன். ஐந்து வாரம் காய்ந்த சோப்பு அதற்குள் கடகடவென்று ஆடியது. எடை குறையும் என்று தெரிந்தவளுக்கு உருவமும் சுருங்கும் என்று தோன்றவில்லை. ஐநூறு பெட்டியும் தீரும்வரை ஒவ்வொன்றிலும் பட்டர் பேப்பரை இரண்டு சுற்று சுற்றினேன். பெட்டி ஒன்பது, பேப்பரும் ஸ்டிக்கரும் மூன்று, ஆகப் பன்னிரண்டு.

கடைசியாக, நான் எழுதவே மறந்த வரி. நிறுத்து, கரைத்து, கலக்கி, ஊற்றி, மறுநாள் வெட்டி, ஐந்து வாரம் கழித்துச் சுற்றி, நடுவில் பாத்திரம் கழுவ ஒரு தொகுதிக்கு மூன்று மணி நேரம். மணிக்கு 80 ரூபாய் என்று எனக்கு நானே கூலி போட்டேன். 240 ரூபாய், சோப்புக்கு 22. இரண்டு தொகுதி சேர்த்துச் செய்தால் ஆறு மணி நேரம் ஆகாது, நாலரையில் முடிகிறது. அதில் ஐந்து ரூபாய்க்கு மேல் மிச்சம். வாசனையை மாற்றுவதைவிட இது எளிது.

29, 1, 3, 12, 22. கூட்டினால் 67 ரூபாய். உரிமத்துக்கும் வரிக்கும் ஆவதை நான் ஆண்டுக் கணக்கில் தனியாக வைத்திருக்கிறேன், அது இதில் இல்லை. நான் போட்டிருந்த விலை 60. அதில் கடைக்கு நூற்றுக்கு முப்பது போக என் கைக்கு வந்தது 42. என் கூலியை விட்டுவிட்டால்கூட அடக்கம் 45. ஆக ஒவ்வொரு சோப்புக்கும் மூன்று ரூபாயைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு, சும்மா வேலையும் செய்திருக்கிறேன். விற்பனை நன்றாகப் போகிறது என்று சந்தோஷப்பட்டதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

விலையை 110 ஆக்கினேன். கைக்கு 77, மிச்சம் பத்து. சரி, இனி நிம்மதி என்று நினைத்தபோது 2025-ல் தேங்காய் எண்ணெய் ஏறத் தொடங்கியது. எங்கள் செக்கில் லிட்டர் 460 வரை போனது. ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் நோட்டில் போட்டுப் பார்த்தால் தொகுதிக்கு 120 ரூபாய், சோப்புக்கு 11. மிச்சம் இருந்த பத்தை அது தின்றுவிட்டது, அவ்வளவுதான். தேங்காய் எண்ணெயை 400 ஆக்கி, தவிட்டு எண்ணெயை 500 ஆக்கலாமே என்று தங்கை கேட்டாள். ஆக்கலாம், ஆனால் சோடாவை அப்படியே 150 போடக் கூடாது. தேங்காய் எண்ணெய்தான் சோடாவை அதிகம் கேட்கும். அது குறைந்தால் 145 போதும். அந்த ஐந்து கிராமைக் குறைக்காவிட்டால், தோலுக்காகச் சோடாவோடு சேராமல் விட்டுவைக்கும் எண்ணெய் பெரும்பாலும் காணாமல் போய், சோப்பு வறட்டும். அதோடு தவிட்டு எண்ணெய் கூடினால் நாலைந்து மாதத்தில் ஆரஞ்சுப் புள்ளி விழுந்து, சிக்கு வாடை வருகிறது. ஒரு தொகுதி செய்து பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். விலையை 125 ஆக்கினேன்.

அதே கடைக்குத் திரும்பப் போனேன். அவர் விலையைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பிரித்து முதலில் தராசில் வைத்தார். 101 காட்டியது. “இருபது வெச்சுட்டுப் போங்க” என்றார். வீட்டில் சீவல்களை உருட்டிச் செய்த கோணல் உருண்டையில்தான் நாங்கள் குளிக்கிறோம்.