நாலாவது சுற்றும் கூண்டின் வலப்பக்கமும்: ஹேமர் நாட்குறிப்பு

ஜூன் 9

மண்டபம் ஊர்ப் பக்கம் மைதானத்தில் ஹேமர், அதாவது கம்பியில் கட்டிய சங்கிலிக் குண்டு எறிவதை வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது, "எறியத்தானே போகிறார்கள், எதற்கு இத்தனை சுற்று?" என்பதுதான். பதில் வேகத்தில் இருக்கிறது. கால் பெயராமல் தலைக்கு மேலே இரண்டு வீச்சு வீசி அப்படியே விட்டால், சங்கிலிக் குண்டு வினாடிக்கு சுமார் 14 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 42 பாகை கோணத்தில் கணக்குப் போட்டால் 20 மீட்டரில் விழுந்துவிடும். அதே குண்டு 22 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் 49 மீட்டர் போகும், 23 என்றால் 53.6. கடைசியில் கூடும் அந்த ஒரு மீட்டர் வேகம் தூரத்தில் நாலு மீட்டருக்கு மேல் கொடுக்கிறது.

அந்த வேகத்தை ஒரே இழுப்பில் ஏற்ற முடியாது. பெண்களுக்கான 4 கிலோ குண்டு 22 மீட்டர் வேகத்தில் சுற்றும்போது கையை வெளியே இழுக்கும் விசை 120 கிலோ எடைக்குச் சமம். ஆண்களின் 7.26 கிலோ குண்டு 80 மீட்டர் தாண்டும் எறிதல்களில் அது 300 கிலோவை ஒட்டி வரும். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறோம். முதல் சுற்றில் கூடுகிற அளவுக்குப் பின்னால் வரும் சுற்றுகளில் வேகம் கூடுவதில்லை.

சுற்று கூடினால் தூரமும் கூடிவிடும் என்று நினைக்க வேண்டாம். யூரி செடிக் 1986-இல் ஸ்டுட்கார்ட்டில் எறிந்த 86.74 மீட்டர்தான் இன்றும் ஆண்களின் உலக சாதனை. அவர் சுற்றியது மூன்றே சுற்று. அனிதா வோடார்சிக் 2016-இல் 82.98 எறிந்தது நாலு சுற்றில்.

ஜூன் 10

குண்டுக்கு வேகம் எப்போது ஏறுகிறது என்று தெரியாமல் சுற்றக் கற்றுக்கொண்டால் தலைசுற்றல்தான் மிச்சம். இரண்டு பாதமும் தரையில் இருக்கும்போதுதான் இடுப்பும் காலும் தரையை ஊன்றிக் குண்டை இழுக்க முடியும். வலதுகால் தரையை விட்டு எழும்பிய பிறகு, இடதுகால் மேல் உடம்பு குண்டோடு சேர்ந்து போகிறது, அவ்வளவுதான். அதனால் வலதுகால் எவ்வளவு சீக்கிரம் தரைக்கு வருகிறதோ அவ்வளவு நேரம் இழுக்கக் கிடைக்கும்.

கண்டுபிடிப்பது சுலபம். பக்கவாட்டில் நின்று கைபேசியில் மெதுவோட்டப் படம் எடுங்கள். குண்டு உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும் நேரத்தில் வலது பாதம் ஊன்றியிருக்க வேண்டும். குண்டு பாதி இறங்கிய பிறகும் கால் காற்றில் இருந்தால் அந்தச் சுற்றில் வேகம் ஏறியிருக்காது. தோளால் இழுத்து ஈடுகட்டப் பார்ப்பார்கள். முழங்கை மடங்கும், குண்டு சுற்றும் வட்டத்தின் ஆரம் சுருங்கும். ஆரம் சுருங்கினால், வேகமாகச் சுற்றுவதுபோலத் தெரிந்தாலும் எறிதல் குட்டையாகவே விழும்.

ஜூன் 12

நின்று எறியும் சிமெண்டு வட்டத்தின் குறுக்களவு 213.5 செ.மீ. நாலு சுற்று அதற்குள் அடங்க வேண்டும்.

இங்கே பயிற்சி எடுக்கும் ஒரு மாணவி மூன்று சுற்றிலிருந்து நாலுக்கு மாறுகிறாள். வலதுகைக்காரி, அதாவது இடப்பக்கமாகச் சுற்றுகிறவள். முதுகு மைதானத்தைப் பார்க்க, கால்விரல் பின் விளிம்பை ஒட்டி நிற்கிறாள். இடதுபாதம் முதலில் குதிகால் மேல் அரைச்சுற்று திரும்பும், பிறகு முன்பாதத்தின் மேல் மீதி அரைச்சுற்று. குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் நடுவே 20 செ.மீ. என்றால் ஒரு சுற்றுக்குப் பாதம் 40 செ.மீ. முன்னேறும். ஆரம்பத்தில் காலணியின் நீளம் 28, நாலு சுற்றுக்கு 160, ஆக 188. மிச்சம் 25 செ.மீ.

அந்த 25-ம் முழுசாகக் கிடைக்காது. பாதம் வட்டத்தின் நடுக்கோட்டில் இல்லாமல் 25 செ.மீ. தள்ளி இருப்பதால், அந்த இடத்தில் வட்டத்தின் நீளம் 207 செ.மீ.தான். சுற்றச் சுற்றப் பாதம் பக்கவாட்டில் நகர்ந்து நடுக்கோட்டிலிருந்து 50 செ.மீ. தள்ளிப் போய்விட்டால், முன் விளிம்பு இன்னும் 9 செ.மீ. கிட்டே வந்துவிடும். கடைசி ஊன்றலில் காலணி விளிம்பின் மேல்பகுதியைத் தொட்டது என்றால் ஃபவுல்.

இவளுக்கு நடந்தது அதுதான். நாலு சுற்றும் ஒரே நீளம், ஆனால் பாதை குறுக்கே சாய்ந்து போனது. வட்டத்தின் நடுவே சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுத்து, குண்டில்லாமல் சுற்றவிட்டால் எத்தனாவது சுற்றில் விலகுகிறது என்று தெரிந்துவிடும். இவளுக்கு முதல் சுற்றிலேயே விலகியது. வீச்சின்போது குண்டின் தாழ்ந்த புள்ளி ஏற்கெனவே இடப்பக்கம் போயிருந்தது. அது வலதுபாதத்துக்கு நேரே இருக்கும்போது சுற்றுக்குள் நுழைய வேண்டும்.

இடம் போதாதவர்கள் முதல் சுற்றை முழுக்க முன்பாதத்தின் மேலேயே சுற்றுவது நல்ல வழி. அந்தச் சுற்றில் பாதம் அநேகமாக நகராது, 40 செ.மீ. மிச்சமாகும்.

விதியில் ஒரு சலுகையும் இருக்கிறது. முதல் சுற்றின்போது வட்டத்தின் பின்பாதிக்கு வெளியே, உந்தல் எதுவும் எடுக்காமல் கால் பட்டுவிட்டால் அது ஃபவுல் இல்லை. குண்டு தரையில் உரசினாலும் ஃபவுல் இல்லை.

ஜூன் 13

கச்சான் காற்று. சிமெண்டு வட்டத்தின் மேல் மணல். காலையில் உப்பு ஈரமும் சேர்ந்தால் குதிகால் வழுக்கும். ஒவ்வொரு எறிதலுக்கும் முன்னால் துடைப்பம், பிறகு காய்ந்த சாக்கு. வட்டத்திலோ காலணியிலோ எதையும் தூவுவதற்கு விதியில் இடமில்லை.

ஜூன் 16

இன்று கூண்டு, அதாவது தவறிப் போகும் குண்டைத் தடுக்க வட்டத்தைச் சுற்றிக் கட்டும் வலை.

கூண்டின் வாய் 6 மீட்டர் அகலம், வட்டத்தின் மையத்திலிருந்து 7 மீட்டர் முன்னால். அதாவது நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 3 மீட்டர். குண்டு விழ வேண்டிய பகுதியின் கோணம் 34.92 பாகை, 7 மீட்டர் தூரத்தில் அதன் அகலம் 4.4 மீட்டர். வாய் அதைவிட அகலமாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் குண்டு வலையில் போய் முட்டுகிறது?

குண்டு வட்டத்தின் நடுவிலிருந்து கிளம்புவதில்லை. இடப்பக்கமாகச் சுற்றுகிறவர் விடும்போது, மைதானத்தைப் பார்த்து நின்றால் குண்டு வலப்பக்கம் சுமார் 1.6 மீட்டர் தள்ளி இருக்கும். நேராகப் போனாலே வலது ஓரத்துக்கும் அதற்கும் 1.4 மீட்டர்தான் இடைவெளி. 12 பாகை வலப்பக்கம் சாய்ந்தால் வாயை எட்டும்போது 3 மீட்டரைத் தொட்டுவிடும், வலையில் மோதும். இத்தனைக்கும் வலை இல்லாவிட்டால் அது எல்லைக்கோடுகளுக்குள் விழுந்திருக்க வேண்டிய எறிதல். இதே 12 பாகை இடப்பக்கம் சாய்ந்தால் வாயின் நடுவே சுத்தமாகப் போய்விடும்.

12 பாகை எவ்வளவு நேரம்? 22 மீட்டர் வேகத்தில் வினாடியின் நூறில் ஒன்றரைப் பங்கு. சீக்கிரம் விட்டால் வலம், தாமதமாக விட்டால் இடம். விரல்களால் இதைச் சரிசெய்ய யாராலும் முடியாது. கடைசிச் சுற்றில் அவசரப்பட்டு மேலுடம்பு காலுக்கு முன்னால் ஓடும்போதுதான் கை சீக்கிரம் விடுகிறது. திருத்த வேண்டியது வலதுகால் ஊன்றுவதை.

முன்பக்கத்து இரண்டு கதவுகளில் இடப்பக்கமாகச் சுற்றுகிறவருக்கு இடது கதவை உள்ளே திருப்பி, வலதைத் திறந்து வைப்பதும் இதே காரணத்தால்தான். வலப்பக்கமாகச் சுற்றுகிறவர் வந்தால் மாற்ற வேண்டும். மாற்ற மறந்தால் சரியான எறிதலும் கதவில் போய் முட்டும்.

விட்ட பிறகு குண்டு இடதுபக்க வலையை உரசிவிட்டு, கூண்டைத் தாண்டிக் கோடுகளுக்குள் விழுந்தால், இடப்பக்கமாகச் சுற்றுகிறவருக்கு இப்போதைய விதிப்படி அது செல்லும்.

ஜூன் 17

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் போய்விட்டன; கரையில் கிடக்கும் பழைய வலையைக் கேட்டு வாங்கிக் கூண்டில் கட்டுகிறார்கள். வெயிலில் கிடந்த நைலான் இழையை விரலில் சுற்றி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் அது குண்டைத் தாங்காது. நல்ல வலையானாலும் விறைப்பாகக் கட்டக் கூடாது, தொய்வாகத் தொங்க வேண்டும். விறைத்த வலை குண்டை எறிந்தவர் மீதே திருப்பிவிடும். கம்பங்கள் வலைக்கு வெளியே நிற்க வேண்டும், வலை, வட்டத்தின் மையத்திலிருந்து 3.5 மீட்டருக்குக் கிட்டே வரக் கூடாது.

குண்டின் கம்பியையும் பார்த்துவிடுங்கள். உப்புக்காற்றில் முதலில் துரு பிடிப்பது குண்டோடு சேரும் மடிப்பில். அங்கே ஒரு கீறல் விழுந்தாலும் கம்பியை மாற்றிவிட வேண்டும். போட்டியில் எறியும்போது கம்பி அறுந்தால், அதனால் தடுமாறி விளிம்பை மிதித்தாலும் ஃபவுல் கிடையாது, வேறு குண்டோடு மறுபடியும் ஒரு வாய்ப்புக் கொடுப்பார்கள்.