மையம் மூடிய பிறகு வந்த காய்ச்சல்

2017 நவம்பர் 4 இரவு பினாங்கில் விடிய விடிய மழை. மறுநாள் காலை சுங்கை பினாங்கு ஓரத்துத் தாழ்வான வீடுகளில் இடுப்பளவு தண்ணீர். எங்கள் பகுதி மக்களை ஒரு பள்ளி மண்டபத்தில் திறந்த வெள்ள நிவாரண மையத்தில் தங்க வைத்தார்கள். நான் ஓய்வுபெற்ற தாதி என்பதால், சுகாதார அலுவலகத்திலிருந்து வந்த குழுவோடு சேர்ந்து காய்ச்சல் பதிவேட்டை எழுதும் வேலை எனக்கு வந்தது.

முதல் நாள் முழுக்கக் கழிவறைக் கவலைதான். ஏறக்குறைய 180 பேர், உருப்படியான கழிவறைகள் ஆறு. ஒன்றுக்கு முப்பது பேர். அவசர நேரத்தில் ஐம்பது பேர் வரை சமாளிக்கலாம், பிறகு இருபதுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது கணக்கு. ஆசிரியர்களின் கழிவறைகளையும் திறக்கச் சொல்லிக் கேட்டு வாங்கினோம். இரவு எட்டு மணிக்குள் சோற்றுப் பொட்டலக் குப்பையை மூடிய தொட்டியில் போட்டு வெளியே கொண்டுபோய்விட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். வெள்ளத்தில் வளை இழந்த எலிகளும் எங்களைப் போலவே மேடு தேடி வரும்.

காலையும் மாலையும் பாய் பாயாகப் போய்க் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, இருமல், தோல் புண், கண் சிவப்பு இருக்கிறதா என்று கேட்டு எழுதினோம். ஐந்து நாளில் ஏட்டில் இருமலும் சேற்றுப்புண்ணும்தான் அதிகம். பார்ப்பவர்களுக்கு நிம்மதியான ஏடு. எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை.

காரணம் இதுதான். பகலில் மண்டபம் பாதி காலியாகிவிடும். ஆண்கள் வீடு கழுவப் போய்விடுவார்கள். பலர் ரப்பர் செருப்போடு, சிலர் வெறுங்காலோடு. 'கென்சிங் தீக்குஸ்' என்று நாம் சொல்லும் எலிச்சிறுநீர்க் காய்ச்சலின் கிருமி அந்தச் சேற்றில்தான் இருக்கும். காலில் சின்னக் கீறல் போதும், உடம்புக்குள் போய்விடும். ஆனால் காய்ச்சல் உடனே வராது. பெரும்பாலும் ஐந்திலிருந்து பதினான்கு நாளில், அரிதாக முப்பது நாள் கழித்தும் வரும். மையம் மூடப் போவதோ வெள்ளிக்கிழமை. நோய் வரும்போது ஏடு எழுத அங்கே யாரும் இருக்கமாட்டோம்.

சுகாதார ஆய்வாளரிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொண்டார். வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவர் கையிலும் அரைத்தாள் ஒன்று கொடுத்தோம். வெள்ளத்திலோ சேற்றிலோ இறங்கிய தேதி, காலில் கையில் புண் இருந்ததா, எந்தத் தேதி வரை கவனமாக இருக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் இதை டாக்டரிடம் காட்டு என்று கீழே பெரிதாக எழுதினோம். தொலைபேசி எண்களையும் வாங்கி வைத்தேன்.

எதிர்வரிசை வீட்டு அண்ணன் ஒருவர் 6ஆம் தேதி வீடு கழுவியபோது ஓட்டுத்துண்டு குதிகாலைக் கிழித்திருந்தது. 16ஆம் தேதி குளிரோடு காய்ச்சல். ஒரு தனியார் கிளினிக்கில் டெங்கிக்குப் பார்த்தார்கள், இல்லை என்று வந்தது. காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தாளைக் காட்ட மறந்துவிட்டார்.

18ஆம் தேதி நான் அழைத்தபோது, "கெண்டைக்கால் வலிக்குதும்மா, மாடிப்படி ஏற முடியல" என்றார். நேரில் போய்ப் பார்த்தேன். இரண்டு கண்ணும் சிவந்திருந்தன, ஆனால் பீளை இல்லை. கெண்டைக்காலை லேசாக அழுத்தியதும் காலை இழுத்துக்கொண்டார். மஞ்சள் காமாலை இல்லை, சிறுநீர் குறையவில்லை. அவை இருந்திருந்தால் நேரே மருத்துவமனைதான். அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிப்போய்த் தாளை டாக்டர் கையில் கொடுத்தேன். தேதியைப் பார்த்தவர் ரத்தம் எடுத்துவிட்டு, முடிவுக்குக் காத்திருக்காமல் டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் மாத்திரையை நாளுக்கு இரண்டு வேளை, ஏழு நாளைக்கு எழுதினார்.

முதல் ரத்தத்தில் 'இல்லை' என்றுதான் வந்தது. அண்ணி மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டார். கூடாது என்றேன். உடம்பு எதிர்ப்பொருளை உண்டாக்க ஒரு வாரம் ஆகும், அதற்கு முன் எடுத்த ரத்தம் ஏமாற்றிவிடும். பத்து நாள் கழித்து எடுத்த இரண்டாவது ரத்தத்தில் நோய் தெரிந்தது. மலேசியாவில் இது கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய் என்பதால் கிளினிக்கே மேலே தெரிவித்தது. அடுத்து ஆய்வாளர் அந்த வரிசைக்கு வந்தார். சேற்றை முதலில் சவர்க்காரம் போட்டுக் கழுவித் தள்ளிவிட்டு, அப்புறம்தான் குளோரோக்ஸ் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று வீடு வீடாகச் சொன்னார். சேற்றின் மேலேயே ஊற்றினால் மருந்தின் வீரியத்தைச் சேறே தின்றுவிடும்.

எங்கள் வரிசையில் கடைசியாகச் சேற்றில் இறங்கியது நவம்பர் 12. அதனால் டிசம்பர் 12 வரை அழைத்துக் கேட்டேன். இன்னும் மூவருக்குக் காய்ச்சல் வந்தது. இருவருக்கு டெங்கி, ஒருவருக்குச் சாதாரண சளிக்காய்ச்சல். மூவரும் தாளோடுதான் போனார்கள்.