தோள்பட்டையில் விழுந்த குழி

கல்லூரி வாலிபால் அணியில் மூன்று ஆண்டுகள் ஸ்மாஷ் அடித்து வந்த எனக்கு, வலது தோள்பட்டை எலும்பின் குறுக்கு மேட்டுக்குக் கீழே குழி விழுந்திருப்பதை முதலில் கண்டவன் என் தம்பிதான். வலி சிறிதும் இல்லாததால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் பார்த்த ஒரு மருத்துவர் கழுத்து எலும்புத் தேய்மானம் என்று சொல்லி, இரண்டு மாதம் கழுத்துப் பயிற்சி கொடுத்தார். குழி ஆழமானதே தவிர வேறு பலன் இல்லை.

அடுத்துப் பார்த்த எலும்பு மருத்துவர் முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கச் சொல்லி, முன்கையை வெளிப்பக்கமாகத் தள்ளச் சொன்னார். இடது கை அவர் கையை எதிர்த்து நின்றது. வலது கையை அவர் இரண்டு விரலால் உள்ளே தள்ளிவிட்டார். ஆனால் கையைப் பக்கவாட்டில் உயர்த்துவதிலும், முதுகின் மேல் வைத்த கையைப் பின்னோக்கி விலக்குவதிலும் இரு பக்கமும் ஒரே பலம்தான் இருந்தது.

தோள் மூட்டைச் சுற்றிய ரொட்டேட்டர் கஃப் தசைகள் நான்கு. கையை உயர்த்தத் துணை செய்வது சுப்ராஸ்பைனேட்டஸ். உள்நோக்கித் திருப்புவது சப்ஸ்கேபுலாரிஸ். வெளிநோக்கித் திருப்புவது பெரும்பாலும் இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், சிறிதளவு டெரஸ் மைனர். டெரஸ் மைனருக்கு ஆக்ஸிலரி என்ற வேறு நரம்பு வருவதால்தான் என் கையில் கொஞ்சமாவது வெளித்திருப்பம் மிஞ்சியிருந்தது.

சுப்ராஸ்பைனேட்டஸ், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் ஆகிய இரண்டுக்கும் சுப்ராஸ்கேபுலர் என்ற ஒரே நரம்புதான். அது தோள்பட்டை எலும்பின் மேல்விளிம்பிலுள்ள பள்ளத்தின் வழியாக நுழைந்து, முதலில் சுப்ராஸ்பைனேட்டஸுக்குக் கிளை கொடுத்துவிட்டு, குறுக்கு மேட்டின் வெளிமுனையைச் சுற்றி வளைந்து இன்ஃப்ராஸ்பைனேட்டஸில் முடிகிறது. மேல்பள்ளத்தில் நசுங்கினால் இரண்டு தசைகளும் தளரும். கழுத்தில் நசுங்கினால் தோளை மூடிய டெல்டாய்டும் மேற்கையின் பைசெப்ஸும்கூடத் தளரக்கூடும். எனக்கு இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் மட்டும் தளர்ந்ததால் கோளாறு அந்த வளைவில்தான் இருக்க வேண்டும் என்று மருத்துவர் காகிதத்தில் வரைந்தே காட்டினார். மூட்டின் உணர்வுக் கிளைகளில் பெரும்பாலானவை அதற்கு முன்பே பிரிந்துவிடுவதால் வலி இல்லாமலும் இது வளரக்கூடும் என்றார்.

தசையின் மின்செயல்பாட்டைப் பார்க்கும் இ.எம்.ஜி. பரிசோதனையில் இன்ஃப்ராஸ்பைனேட்டஸில் மட்டும் நரம்பிழப்பின் அடையாளம் தெரிந்தது. எம்.ஆர்.ஐ. படத்தில், மூட்டுக் குழியின் விளிம்புக் குருத்தெலும்பு கிழிந்து, அதன் வழியே கசிந்த திரவம் அந்த வளைவில் நீர்க்கட்டியாகத் திரண்டு நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. ஊசியால் உறிஞ்சினால் கட்டி திரும்பக்கூடும் என்பதால், சிறு துளை வழியே கேமரா செலுத்திச் செய்யும் ஆர்த்ரோஸ்கோபி மூலம் கட்டியை வடித்து, கிழிசலையும் தைத்தார்கள்.

ஆறு மாதத்தில் வெளித்தள்ளும் பலம் ஏறத்தாழத் திரும்பிவிட்டது. குழி முழுவதும் நிரம்பவில்லை.