ஞாயிறுகளிலும்

ஜூன் 7, ஞாயிறு

அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஹேடனின் ‘அந்தக் குளிர்கால ஞாயிறுகள்’ கவிதையைத் தமிழில் கொண்டுவர உட்கார்ந்தேன். 1962இல் வந்த தொகுப்பில் இருப்பது. பதினான்கே வரி. அப்பா இருட்டோடு எழுந்து, குளிரில் உடுத்திக்கொண்டு, வார நாள் வேலையில் வெடித்து வலிக்கும் கைகளால் நெருப்பை மூட்டுகிறார். அறைகள் சூடான பிறகு மகனைக் கூப்பிடுகிறார். மகன் மெதுவாக எழுந்து, அவரிடம் ஏனோதானோவென்று பேசுகிறான். அவ்வளவுதான். ராத்திரிக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

‘ஞாயிறுகளில் அப்பா சீக்கிரம் எழுந்தார்’ என்று முதல் வரியை எழுதிவிட்டு மூலத்தைப் பார்த்தால், ஞாயிறு என்ற சொல்லை ஒட்டி ‘கூட’ என்ற பொருளில் ஒரு சின்னச் சொல் இருக்கிறது. அதை விட்டிருக்கிறேன்.

ஜூன் 8, திங்கள்

அந்தச் சொல்லுக்குத் தமிழில் தனியாக ஒரு சொல்கூட வேண்டாம். ‘உம்’ போதும். ஞாயிறுகளிலும். இலக்கண வகுப்பில் ‘சாத்தனும் வந்தான்’ என்று எச்ச உம்மைக்கு எடுத்துக்காட்டு சொல்வார்களே, சொல்லாமல் விட்ட இன்னொருவன் வந்ததை அந்த ‘உம்’ காட்டிக்கொடுத்துவிடும் என்று, அதேதான். மற்ற ஆறு நாள்களும் அப்பா இப்படித்தான் எழுந்தார் என்பதைக் கவிஞர் எங்கும் சொல்லவில்லை. ஓர் ஒட்டு சொல்லிவிடுகிறது. எழுந்திருக்கத் தேவையில்லாத நாளிலும் எழுந்தார்.

இன்னொரு ‘உம்’ கடைசிப் பத்தியில் கிடைத்தது. குளிரை விரட்டியவர் மகனுடைய நல்ல ஷூவையும் துடைத்துப் பளபளப்பாக்கி வைத்திருக்கிறார். நெருப்பு வீட்டில் எல்லோருக்கும் பொது. ஷூ இவனுக்கு மட்டும். அதைப் போய் வாக்கியத்தின் வாலில், ‘அதையும்’ என்று ஒட்டவைக்கிறார். பாசத்தைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளாத அப்பாவைப் பற்றி எழுதும் வாக்கியமும் அவரைப் போலவே இருக்கிறது.

ஜூன் 10, புதன்

நேற்று எழுதியதை நண்பருக்கு அனுப்பினேன். “இந்த ‘எழுந்திருப்பா’ எங்கேயிருந்து வந்தது?” என்று கேட்டார். நான்தான் போட்டிருக்கிறேன். மூலத்தில் அவர் கூப்பிடுகிறார் என்று மட்டும்தான் இருக்கிறது, என்ன சொன்னார் என்று இல்லை. நான் மேற்கோள் குறி போட்டு, ‘ப்பா’ சேர்த்து, அந்த மனிதரைக் கொஞ்ச வைத்துவிட்டேன். அவர் குரல் வராத இடத்தில் கேட்பதெல்லாம் குளிர் சிலும்பு சிலும்பாக உடைகிற சத்தம். ‘எழுந்திருப்பா’வை அடித்துவிட்டேன்.

ஜூன் 13, சனி

அவர் மூட்டுவது புது நெருப்பு இல்லை. முந்தின இரவு சாம்பல் போட்டு மூடிவைத்த கனலைக் கிளறி எரியவைக்கிறார். இதற்கு நம்மிடம் சொல் தயாராக இருக்கிறது, நீறுபூத்த நெருப்பு. ஆனால் நாம் அதைப் பெரும்பாலும் உள்ளே புகையும் கோபத்துக்குத்தான் சொல்கிறோம். முதலில் தயங்கினேன். அப்புறம் பார்த்தால், கோபமும் இந்த வீட்டில் இருக்கிறது. ‘அந்த வீட்டின் நாள்பட்ட கோபங்களுக்கு’ பயந்துதான் பையன் மெதுவாக எழுந்து உடுத்துகிறான். நாள்பட்ட என்பது நோய்க்குச் சொல்கிற சொல். கோபம் அப்பாவுடையது என்றுகூடச் சொல்லாமல் வீட்டின் மேல் போட்டிருக்கிறார்.

இதை ‘பாவம், பேசத் தெரியாத நல்ல அப்பா’ என்று வாசிப்பவர்கள் இந்த வரியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். ஷூ துடைத்து வைத்ததால் அந்தப் பயம் பொய்யாகிவிடாது. நீறுபூத்த நெருப்பு இருக்கட்டும்.

ஜூன் 14, ஞாயிறு

கடைசி வரி. ‘எனக்கு என்ன தெரியும்’ என்று நிகழ்காலத்தில் போட்டால் நம் காதுக்குக் கையை விரிப்பது மாதிரி கேட்கிறது. ‘என்ன தெரிந்தது எனக்கு, என்ன தெரிந்தது’ என்று இறந்தகாலத்தில் இரண்டு முறை வந்தால்தான் இப்போது தெரிந்துவிட்டது என்பது விளங்குகிறது.

அதற்கப்புறம் வருகிற ஆங்கிலச் சொல்லுக்குக் கடமை என்றும் பொருள், வேளை தவறாமல் செய்யும் வழிபாடு என்றும் பொருள். இரண்டையும் தாங்க ‘கடன்’ ஒன்றுதான் இருக்கிறது. ‘சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே’ என்று புறநானூறு 312இல் வருவதும் இதே கடன்தான். நீர்க்கடன் என்னும்போது அது சடங்காகவும் ஆகிறது. பன்மையில் ‘கடன்கள்’ என்றால் வட்டி ஞாபகம் வந்துவிடுகிறது, அதனால் ஒருமை. காலைக்கடன் நினைவுக்கு வந்து யாராவது சிரிப்பார்களோ என்று ஒரு பயம். கவிதை நடப்பதும் காலையில்தான்.

இப்போதைக்கு ‘அன்பின் கடுமையான, தனிமையான கடன்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ‘கடுமை’ சரியில்லை. அதில் முகம் சுளிப்பது தெரிகிறது, அலங்காரம் இல்லாதது தெரியவில்லை. பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன்.