ஜி.ஆர்.இ தேதி: காலெண்டரைக் கடைசியிலிருந்து பாருங்கள்

வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ தேர்வின் ஸ்கோர் கையில் வந்த நிம்மதியோடு எழுதுகிறேன். பாடத்தைப் பற்றிச் சொல்லப் பலர் இருக்கிறார்கள், தேதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஸ்லாட் தாராளமாகக் கிடைக்கிறது என்பதால் "தயாரானதும் போடலாம்" என்று விடுவதுதான் பலருக்கும் வினையாகிறது.

நாகர்கோவிலிலிருந்து சென்னை சென்டருக்குப் போய் எழுதும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பல்கலைக்கழகக் கெடு 2025 டிசம்பர் 15. அதிகாரபூர்வ ஸ்கோர் வர 8 முதல் 10 நாள் ஆகும். எனவே நவம்பர் 29 சனிக்கிழமைக்குப் பின் எழுதுவது ஆபத்து. இரண்டு தேர்வுகளுக்கு இடையே 21 நாள் வேண்டும். ஆகவே முதல் முயற்சி நவம்பர் 7-க்குள் வந்தாக வேண்டும்.

அக்டோபர் 18-ம் காலியாக இருக்கிறது, எடுக்கலாமா? தீபாவளி அக்டோபர் 20. எழுதி முடித்த அன்றிரவே தெற்கே வரும் ரயிலில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. செப்டம்பர் நடுவில் மாக் டெஸ்டில் 308 எடுத்தவர் 318-ஐத் தொட ஒரு மாதம் பெரும்பாலும் போதாது. நவம்பர் 7-ஐ எடுங்கள், 29-ஐ மனத்தில் வையுங்கள். 29-ஐயே முதல் தேதியாக வைப்பது சரியல்ல. வடகிழக்குப் பருவமழையில் சென்னை தேங்கினால் மாற்றுத் தேதிக்கு இடமிருக்காது.

இனி, நான் மிக முக்கியமாக நினைப்பது. தேதியை மாற்றுவதானால் தேர்வுக்கு நான்கு நாள் முன்பே மாற்றிவிட வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. அது தாண்டினால் கட்டிய பணம் முழுதும் போயிற்று. பலர் கடைசி மாக் டெஸ்டைத் தேர்வுக்கு இரண்டு நாள் முன் எழுதுகிறார்கள். மார்க் குறைந்தாலும் அப்போது செய்ய ஒன்றுமில்லை, பயம்தான் மிச்சம். தேர்வு நடத்துபவர்களே தரும் இலவச பவர்பிரெப் மாக் டெஸ்ட் இரண்டில் ஒன்றைத் தொடாமல் வைத்திருந்து, அக்டோபர் 26 ஞாயிறன்று, நிஜ ஸ்லாட்டின் அதே மணிக்கு, இடைவேளையின்றி எழுதுங்கள்.

- இலக்குக்கு 3 மார்க் வரை குறைவு: 7-ஆம் தேதியே எழுதுங்கள். அந்த ஏற்ற இறக்கம் சகஜம்.
- 6-க்கு மேல் குறைவு: 29-க்கு மாற்றுங்கள். ஆனால் மறுமுயற்சி இனி இல்லை என்று தெரிந்தே மாற்றுங்கள்.
- இடைப்பட்டால்: மார்க் குறைந்தது கணக்குப் பகுதியான குவான்டில் என்றால் 7-ஆம் தேதியே எழுதலாம், மூன்று வாரத்தில் அதைத் தேற்றலாம். மொழிப் பகுதியான வெர்பல் அவ்வளவு சீக்கிரம் ஏறாது.

ரயிலில் வருபவர்கள் காலை ஸ்லாட்டைத் தவிருங்கள். ரயில் தாமதமானால் சென்டர் காத்திருக்காது. முந்தின நாளே வந்து தங்கி, மதிய ஸ்லாட்டில் எழுதுவதே என் தேர்வு. ரயில் முன்பதிவு 60 நாள் முன் திறக்கும், ஸ்லாட்டை உறுதிசெய்த அன்றே போக, வர இரண்டு டிக்கெட்டையும் போட்டுவிடுங்கள். அசல் பாஸ்போர்ட்டைக் கைப்பையில் வையுங்கள்.

எழுதி முடித்ததும் வெர்பல், குவான்ட் மார்க் திரையிலேயே தெரிந்துவிடும். 29-க்குப் பதிவதா வேண்டாமா என்று அன்றிரவே முடிவெடுங்கள். சனிக்கிழமை ஸ்லாட்கள் சீக்கிரம் தீரும்.