13 ஸ்பனர் பிடித்தாலும் அது எம் 8 போல்ட் இல்லை

திருக்கோவில் ஊரில் இருக்கும் மாமாவின் பழைய தண்ணீர்ப் பம்பில் மூடியைப் பிடிக்கும் நான்கு போல்ட்டில் ஒன்று வயலுக்குள் விழுந்து தொலைந்துவிட்டது. இன்னொன்றைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "மருமகன், 13 ஸ்பனர் நல்லாப் பிடிக்குது, அதே மாதிரி ஒண்டு வாங்கி அனுப்புங்கோ" என்றார்.

அறுகோணத் தலை, 13 ஸ்பனர். 8 மில்லிமீற்றர் மெற்றிக் போல்ட்டான எம் 8 என்று முடிவு செய்து, மட்டக்களப்பில் வாங்கி பஸ்ஸில் கொடுத்துவிட்டேன். அன்று பின்னேரமே அழைப்பு வந்தது: இரண்டு சுற்று போகிறது, அதன்பின் இறுகி நிற்கிறது. "இன்னும் திருக வேண்டாம் மாமா" என்றேன். அந்த நிலையில் பலம் கொடுத்தால் பம்பின் உடலில் உள்ள மரைதான் அழியும். புது போல்ட் வாங்கலாம், அந்த ஓட்டையை வாங்க முடியாது.

எனக்குச் சந்தேகம் 5/16 அங்குலப் போல்ட் மேல். அதன் விட்டம் 7.94 மில்லிமீற்றர், எம் 8 இன் விட்டம் 8. இந்த வித்தியாசத்தை எந்தப் படத்திலும் பார்க்க முடியாது. 5/16 இன் தலை பெரும்பாலும் அரை அங்குலம், அதாவது 12.7. அதனால் 13 ஸ்பனரும் ஒரு சிறு ஆட்டத்தோடு பிடித்துவிடும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது மரையின் இடைவெளிதான்.

அதனால் வேறு படம் கேட்டேன். முதலில் போல்ட்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கம்பித் தூரிகையால் தேய்க்கச் சொன்னேன். துரு இருந்தால் மரையின் முகடு தெரியாது. பிறகு ஒரு தட்டையான பலகையில் போல்ட்டைப் படுக்க வைத்து, அடிமட்டத்தை அதன் பக்கத்தில், மரையின் உயரத்துக்கு வரும்படி ஒரு தீப்பெட்டி மேல் வைக்கச் சொன்னேன். அடிமட்டம் கீழே கிடந்தால் மரை பெரிதாகத் தெரிந்து கணக்கு பிழைக்கும். கைபேசியை நேர் மேலே, கொஞ்சம் தூரத்தில் பிடித்துப் பெரிதாக்கி எடுக்க வேண்டும். தலையின் முகத்தை மட்டும் தனியாக இன்னொரு படம்.

வந்த படத்தில் ஒரு முகட்டில் தொடங்கி பத்து இடைவெளி எண்ணினேன். எம் 8 இல் சாதாரண மரை 1.25 மில்லிமீற்றர், பத்துக்கு 12.5 வர வேண்டும். எனக்கு வந்தது 14க்குச் சற்று மேல். அங்குலத்துக்கு 18 மரை உள்ள 5/16 போல்ட்டில் பத்து இடைவெளி 14.1. ஒரு இடைவெளியை மட்டும் அளந்திருந்தால் ஒன்றும் புரிந்திருக்காது. பத்தில்தான் ஒன்றரை மில்லிமீற்றர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. தலைப் படத்தில் மூன்று கோடுகள் இருந்தன. அது அங்குல வகைப் போல்ட்டின் வலிமைக் குறி. மெற்றிக் என்றால் 8.8 போன்ற எண் இருந்திருக்கும்.

நீளத்தைத் தலைக்குக் கீழிருந்து நுனிவரை அளந்து, 5/16, 18 மரை என்று எழுதிக் கடையில் கொடுத்தேன். அடுத்த நாள் மாமா அதை விரலாலேயே கடைசிவரை திருகினார், ஸ்பனர் இறுக்குவதற்கு மட்டும்தான் தேவைப்பட்டது.