மகளைப் பற்றிய கட்டுரை அச்சேறிய கதை

தத்தெடுத்த மகளைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை, அச்சிட்ட இதழே என்னைக் கேட்காமல் ஃபேஸ்புக்கிலும் போட்டுவிட்டது. ஒருவழியாக அந்தப் பதிவை எடுத்துவிட்டார்கள். கூகுளில் தேடினாலும் இப்போது வருவதில்லை. அந்த நிம்மதியோடுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். தத்துக் குடும்பத்தைப் பற்றி எழுத நினைக்கும் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், எழுதி முடித்த பிறகுதான் பாதி வேலையே தொடங்குகிறது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

எங்களுக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் நான் பெற்றவன். மகள் 2017-இல் தத்து மூலம் வந்தவள், இப்போது பத்து வயதைத் தாண்டிவிட்டாள். பெங்களூரில் இருக்கிறோம். எந்தப் பகுதி என்று சொல்லப் போவதில்லை. இந்த ஊரில் தமிழ் இதழ் வாங்கும் குடும்பங்கள் ஒரு வட்டம். கோயில், கல்யாணம், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு என்று எங்கே போனாலும் அதே முகங்கள்தான். 'பெங்களூரில் ஒரு தாய்' என்று போட்டாலே நாலு பேர் ஊகித்துவிடுவார்கள்.

ஒரு தமிழ் மாத இதழ் தத்தெடுப்பு பற்றி அனுபவக் கட்டுரை கேட்டது. தத்தெடுக்க நினைக்கிற ஒருவருக்காவது உதவுமே என்று ஒப்புக்கொண்டேன். முதல் வரைவு சுலபமாக வந்துவிட்டது. அதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக்காட்டியதில்தான் கட்டுரை உருமாறியது.

மாமியாரில் தொடங்குகிறேன். தத்து என்றதும் முதலில் அவர் தயங்கினார். "என்ன ஜாதியோ, என்ன வம்சமோ" என்று கேட்டார். நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தேன். அவர் மறுக்கவில்லை. "நான் கேட்டது நிஜம்தாம்மா. ஆனா இவ நாளைக்கு இதைப் படிப்பா இல்ல? படிச்சிட்டு என்கிட்ட எப்படி வந்து படுத்துப்பா?" என்றார். மகள் தினமும் தூங்குவது அவர் பக்கத்தில்தான். அந்தப் பத்தியை முழுசாக எடுத்துவிடவும் மனம் வரவில்லை. வீட்டுப் பெரியவர்கள் தயங்குவார்கள் என்பது தத்தெடுக்கப் போகிறவர்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம். கடைசியில் 'வீட்டில் ஆளுக்கொரு கேள்வி இருந்தது, பதில் சொல்லிச் சொல்லித்தான் நாளாவட்டத்தில் தீர்ந்தது' என்று எழுதினேன். கேட்டது யார் என்பது போய்விட்டது, கேள்வி நின்றது. மாமியார் அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, சரி என்றார். (இங்கே அவர் கேட்டதை அப்படியே எழுதியிருப்பது அவரே சம்மதம் கொடுத்த பிறகுதான். மகளுக்கும் அவரே உட்கார வைத்துச் சொல்லிவிட்டார்.)

மகன் கேட்டது ஒன்றே ஒன்று. தங்கை வந்த புதிதில் அவன் அறைக் கதவைச் சாத்திக்கொண்ட சம்பவத்தை எடுக்கச் சொன்னான், எடுத்தாயிற்று.

மகளிடம் அச்செடுத்த தாளையும் சிவப்புப் பேனாவையும் கொடுத்தேன். பிடிக்காததை அடி, காரணம் சொல்ல வேண்டாம் என்றேன். முதல் நாள் பூரா "நல்லாருக்கும்மா" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் நம் மனம் கோணக்கூடாது என்று தலையாட்டுவார்கள், அதை நம்பி அனுப்பிவிடக்கூடாது. ஒரு வாரம் விட்டு மறுபடி கொடுத்தேன். அப்போதுதான் பேனா இறங்கியது. வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி அவள் அழுததைச் சொல்லும் பத்தி முழுக்க அடிபட்டது. "அது என்னோடது" என்றாள். பள்ளியில் வம்சவரைபடம் வரையச் சொன்ன கதையை மட்டும் "இருக்கட்டும், டீச்சருங்க படிக்கணும்" என்று விட்டுவைத்தாள்.

இவர்கள் எல்லோரையும் கேட்க முடிந்தது. கேட்க முடியாத ஒருவர் இருக்கிறார். மகளைப் பெற்றவர்.

அவர் எங்கே, எப்படி இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது என்பதுதான் ஏற்பாடு. நம் தத்தெடுப்பு விதிமுறைகளில் வேர் தேடல் என்று ஒன்று உண்டு. தத்துப் பிள்ளைக்குப் 18 வயதானால் தன் பிறப்பு விவரங்களைக் கேட்டுத் தானே விண்ணப்பிக்கலாம். அதற்கு முன்பு என்றால் தத்துப் பெற்றோரோடு சேர்ந்து விண்ணப்பிக்கலாம். வேறு யாரும் போய்க் கேட்க முடியாது. பிள்ளையின் அந்த உரிமைகூடப் பெற்றவரின் அந்தரங்கத்தை மீறக்கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. மகளுக்கே இவ்வளவு கட்டுப்பாடு இருக்கும்போது, நான் கட்டுரை எழுதி அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் போய் நின்றால் எப்படி?

எழுதுகிறவர்கள் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். பெயரைத்தான் மாற்றிவிட்டோமே என்று தோன்றும். ஆளைக் காட்டிக்கொடுப்பது பெயர் இல்லை, விவரங்கள் ஒன்றுசேர்வதுதான். கற்பனையாக ஒன்று சொல்கிறேன், இதற்கும் எங்கள் மகளுக்கும் சம்பந்தமில்லை. 'கோலார் பக்கம் ஒரு சின்ன ஊரில், பொங்கலுக்கு மறுநாள், உதட்டுப் பிளவோடு பிறந்த குழந்தை' என்று ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள். ஊர் மட்டும் இருந்தால் யாருக்கும் தெரியாது. நாள் மட்டும் இருந்தாலும் தெரியாது. மூன்றும் சேர்ந்தால் அந்த ஊர் செவிலிக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கு அப்புறம் கல்யாணமாகி வேறு குழந்தைகள் இருக்கலாம், புகுந்த வீட்டுக்கு எதுவுமே தெரியாமல் இருக்கலாம். அதனால் ஊர், மாதம், உடல்நிலை மூன்றையும் எடுத்தேன். எடுத்த பிறகு கட்டுரையை எங்களைத் தெரியாத ஒரு தோழியிடம் கொடுத்து, இந்தக் குழந்தையைப் பற்றி உனக்கு என்னென்ன தெரிகிறது என்று கேட்டேன். "பெண் குழந்தை, பெங்களூரில் வளர்கிறாள்" என்றாள். அது போதும்.

பெயர் விஷயத்தில் இதழோடு இழுபறி. மகள் பெயரை மறைத்துவிட்டு மேலே என் பெயரைப் போட்டால் மறைத்ததில் அர்த்தமே இல்லை. புனைபெயர் போடுங்கள் என்றேன். சன்மானம் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும், அதனால் சொந்தப் பெயர்தான் போட முடியும் என்றார் உதவி ஆசிரியர். கணக்குப் பிரிவிடம் நானே பேசினேன். "சார், சன்மானப் படிவத்துல என் பெயர் இருக்கட்டும், அச்சுல புனைபெயர் வரட்டும், உங்களுக்கு அதுல ஏதாவது சிக்கல் உண்டா?" அவருக்கு ஒரு சிக்கலும் இல்லை. கணக்கு எழுதுகிறவர் ஒரே நிமிடத்தில் முடித்துக்கொடுத்தார். புனைபெயர், படம் வேண்டாம், தலைப்பை மாற்றினால் என்னிடம் காட்ட வேண்டும், அச்சுக்கு மட்டும்தான் அனுமதி, இணையத்துக்கு இல்லை என்று நாலையும் மின்னஞ்சலில் எழுதி, 'சம்மதம்' என்று பதிலும் வாங்கி வைத்தேன். பின்னால் என்னைக் காப்பாற்றியது அந்தப் பதில்தான்.

இதழ் வந்தது. தலைப்பு: 'தூக்கி எறியப்பட்ட பூ, எங்கள் வீட்டுத் தேவதை!' கூடவே கண்ணீரோடு ஒரு சிறுமியின் படம், எங்கிருந்தோ எடுத்தது. உள்ளே ஒரு வார்த்தையும் மாறவில்லை. ஆனால் அந்தத் தலைப்புக்குக் கீழே என் வரிகள் எல்லாமே வேறு மாதிரி ஒலித்தன.

உதவி ஆசிரியருக்குப் போன் போட்டேன். "மேடம், வாசகர் மனசைத் தொடணும் இல்லையா?" என்றார்.

மகள் எப்படித் தத்து நிறுவனத்துக்கு வந்தாள் என்பது கட்டுரையில் இல்லை, இங்கேயும் இல்லை. இல்லாத ஒன்றை இவர்களாகவே எழுதிவிட்டார்கள். குழந்தையை வளர்க்க முடியாத பெற்றோர் குழந்தைகள் நலக் குழுவின் முன் முறைப்படி ஒப்படைக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அவர்களுக்கு ஆலோசனை சொல்வார்கள், கையெழுத்துப் போட்ட பிறகும் மனம் மாறினால் திரும்ப வாங்கிக்கொள்ள இரண்டு மாத அவகாசம் உண்டு. அந்த வழியாக எத்தனையோ பெண்கள் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் எல்லோரையும் ஒரு தலைப்பில் குற்றவாளி ஆக்கலாமா? மகள் தலைப்பைப் படித்துவிட்டு, "என்னைத் தூக்கிப் போட்டாங்களாம்மா?" என்றுதான் கேட்டாள். அவளுக்குத் தெரிந்திருந்த உண்மையை அன்றைக்கு மறுபடி முதலிலிருந்து உட்கார்ந்து சொன்னேன். இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டு நாளில் அதே பக்கம் இதழின் ஃபேஸ்புக்கில் வந்தது. கீழே பின்னூட்டத்தில் இதழ் அலுவலகத்திலிருந்தே யாரோ என் சொந்தப் பெயரைப் போட்டு வாழ்த்தியிருந்தார்கள். எங்கள் வட்டத்தின் வாட்ஸாப் குழு வரைக்கும் போய்விட்டது.

வழக்கறிஞர் தோழி ஒருத்தியிடம் ஓடினேன். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74-ஐக் காட்டினாள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை சம்பந்தப்பட்ட விசாரணை, நீதிமன்ற நடவடிக்கை பற்றிய செய்தியில் குழந்தையை அடையாளம் காட்டும் பெயர், முகவரி, பள்ளி, படம் எதுவும் வரக்கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெற்றோர் எழுதும் அனுபவக் கட்டுரைக்கு இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்று வக்கீல்கள் வாதாடலாம், ஆனால் எந்தப் பத்திரிகையும் அந்த வாதத்துக்குப் போக விரும்பாது என்றாள். பிரிவு 61-ஐயும் சேர்க்கச் சொன்னாள். எங்கள் தத்து ஆணை நீதிமன்றத்தில் கதவைச் சாத்திக்கொண்டு நடந்த விசாரணையில் வந்தது, அப்படித்தான் நடக்க வேண்டும் என்று அன்றைக்கு அந்தப் பிரிவு சொன்னது. (இப்போது ஆணை கொடுப்பது மாவட்ட ஆட்சியர், 2022 செப்டம்பரிலிருந்து.) நீதிபதியே கதவைச் சாத்திக் கேட்ட விஷயம் இது என்று ஒரு வரி எழுதி, அவர்களுடைய 'சம்மதம்' மின்னஞ்சலையும் இணைத்து, இந்த முறை உதவி ஆசிரியரை விட்டுவிட்டு நேரே ஆசிரியருக்கும் பதிப்பாளருக்கும் அனுப்பினேன். மாலைக்குள் பதிவு போய்விட்டது. அடுத்த இதழில் தலைப்பு தவறு என்று வருத்தமும் வெளியிட்டார்கள். சின்ன எழுத்தில்தான், ஆனால் வெளியிட்டார்கள்.

பதிவு போன பிறகும் கூகுளில் என் பெயரைத் தேடினால் தலைப்பும் முதல் இரண்டு வரியும் வந்துகொண்டே இருந்தன. இதற்கு வழி இருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. Refresh Outdated Content என்று கூகுளின் ஒரு பக்கம் இருக்கிறது. அழிக்கப்பட்ட முகவரியை அங்கே ஒட்டி விண்ணப்பித்தால் பழைய துணுக்கை எடுத்துவிடுகிறார்கள். மூலப் பக்கம் போன பிறகுதான் இது வேலை செய்யும், அதனால் முதலில் பதிவை எடுக்க வையுங்கள். வாட்ஸாப்பில் சுற்றும் படத்தை யாராலும் திரும்பப் பிடிக்க முடியாது. எங்கள் குழுவில் மட்டும் நிர்வாகியிடம் சொல்லி அழிக்கச் செய்தேன்.

மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை குடும்பத்தைப் பற்றி எழுதுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே பிள்ளையின் இன்னொரு பெற்றவர் பெரும்பாலும் போன் நம்பரோடு இருப்பார். மனஸ்தாபம் இருந்தாலும் அவரைப் பற்றிய பத்தியை அனுப்பிக் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். அவர் காலமாகியிருந்தால் அவருடைய அம்மா அப்பாவிடம் காட்டுங்கள். அவர்கள் பிள்ளைக்குத் தாத்தா பாட்டி, நாளைக்கும் அந்த வீட்டுக்குப் பிள்ளை போக வேண்டும்.

அடிபட்ட பத்திகள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, தத்து ஆணையும் நிறுவனம் கொடுத்த குழந்தை ஆய்வு அறிக்கையும் இருக்கிற கோப்பிலேயே வைத்திருக்கிறேன். மகளுக்கு இடம் தெரியும்.

போன மாதம் வேறொரு இதழ் இதே மாதிரிக் கட்டுரை கேட்டது. மகளிடம் கேட்டேன், இந்த வருஷம் வேண்டாம் என்றாள். அவர்களுக்கு அப்படியே பதில் எழுதிவிட்டேன்.